ஹனுக்கா விளக்கு: வைப்பது எந்தப் பக்கம், ஏற்றுவது எந்தப் பக்கம்?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் கணவர் யூதக் குடும்பம், ஆனால் அவர் வளர்ந்த வீட்டில் பண்டிகை எதுவும் கொண்டாடியதில்லை. அவர் பாட்டியின் ஒன்பது கிளை விளக்கு இப்போது எங்களிடம் வந்திருக்கிறது. 2026 டிசம்பரில் முதல் தடவையாக ஹனுக்கா விளக்கு ஏற்றலாம் என்று இருக்கிறோம். ஒருவர் வலமிருந்து இடம் என்கிறார், இன்னொருவர் இடமிருந்து வலம் என்கிறார். எது சரி? குத்துவிளக்கு ஏற்றித்தான் எனக்குப் பழக்கம். இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். யாராவது முதலிலிருந்து சொல்லிக்கொடுங்கள்.

பதில்:

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஒருவர் மெழுகுவர்த்தியை வைக்கும் திசையைச் சொல்லியிருக்கிறார், மற்றவர் ஏற்றும் திசையைச் சொல்லியிருக்கிறார். வைப்பது வலமிருந்து இடம். ஏற்றுவது இடமிருந்து வலம். வலம், இடம் எல்லாம் விளக்குக்கு முன்னால் நிற்பவரின் கையைப் பொறுத்தது.

விளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்பது கிண்ணங்களில் எட்டு ஒரே உயரத்தில் இருக்கும். ஒன்று மட்டும் கொஞ்சம் உயர்ந்தோ முன்னால் தள்ளியோ இருக்கும். பெரும்பாலும் நடுவில் இருக்கும், சில பழைய விளக்குகளில் ஓரத்தில் இருக்கும். அதன் பெயர் ஷமாஷ், அதாவது பணியாள். அதை எண்ணிக்கையில் சேர்க்கவே கூடாது. மீதி எட்டுக்கும் வலது கோடியிலிருந்து ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண் கொடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஷமாஷ் இருந்தால் அதன் வலப்பக்கம் ஒன்று முதல் நான்கு வரை, இடப்பக்கம் ஐந்து முதல் எட்டு வரை.

ஹனுக்கா எட்டு இரவுப் பண்டிகை. முதல் இரவு ஒன்றாம் கிண்ணத்தில் மட்டும் ஒரு மெழுகுவர்த்தி, கூடவே ஷமாஷ். இரண்டாம் இரவு ஒன்றிலும் இரண்டிலும் வையுங்கள். ஏற்றும்போது இரண்டை முதலில் ஏற்றி, பிறகு ஒன்று. மூன்றாம் இரவு மூன்று, இரண்டு, ஒன்று என்ற வரிசை. புதிதாக வந்தவருக்குக் கை தடுமாறுவது ஐந்தாம் இரவில்தான். ஐந்தாவது மெழுகுவர்த்தி ஷமாஷைத் தாண்டி இடப்பக்கம் போகிறது. அதை ஏற்றியதும் நடுவில் நிற்கும் ஷமாஷின் கிண்ணத்தைத் தாண்டி நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று வலப்பக்கம் வர வேண்டும். ஷமாஷையும் சேர்த்து எண்ணிவிட்டு, நான்காம் இரவிலேயே ஐந்து எரிகிறதே என்று விழிப்பவர்கள் நிறையப் பேர்.

ஒவ்வொரு இரவும் எல்லாமே புது மெழுகுவர்த்திதான். முந்தைய நாளின் மிச்சத்தை வைத்துக்கொண்டு ஒன்று மட்டும் புதிதாகச் சேர்ப்பதில்லை. அதனால்தான் கடையில் விற்கும் பெட்டியில் 44 இருக்கும்: எட்டு இரவுக்கும் 36, ஷமாஷுக்கு எட்டு.

ஏன் இப்படி ஒரு வரிசை? யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தால்மூத்தில், சப்பாத் என்ற பகுதியில் இது பற்றி ஒரு விவாதம் இருக்கிறது. முதல் நாள் எட்டு ஏற்றி தினம் ஒன்று குறைக்க வேண்டும் என்பது ஷம்மாய் என்ற குருவின் வழியினரின் கட்சி. இன்னும் எத்தனை நாள் பாக்கி என்பதை விளக்கு காட்ட வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம். ஒன்றில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போக வேண்டும் என்பது ஹில்லேல் என்ற குருவின் வழியினரின் கட்சி. புனிதமான காரியத்தில் ஏறுவதுதான் முறை, இறங்கக் கூடாது என்று அவர்கள் சொன்னார்கள். நடைமுறையில் நின்றது ஹில்லேல் கட்சி. ஒரு நாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்ததுதான் ஹனுக்காவின் அற்புதம்; அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த சுடர்தான் அது இன்னும் ஒரு நாள் நீண்டதைச் சொல்கிறது என்பதால் அதற்கு முதல் மரியாதை. அங்கிருந்து வலப்பக்கமாகத் திரும்புவது, கோயில் காரியங்களில் திரும்பும்போது வலமாகவே திரும்ப வேண்டும் என்ற பழைய விதியைப் பின்பற்றியது. 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த சட்டநூலான ஷுல்ஹான் அருக் இந்த வரிசையைத்தான் எழுதி வைத்தது. பெரும்பாலான வீடுகளில் இன்றும் இதுதான். வேறு வரிசை வைத்திருக்கும் சில குடும்பங்களும் உண்டு. உங்கள் கணவரின் உறவினர் யாராவது அப்படிச் சொன்னால், அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வரிசை மாறிப் போனால் என்ன ஆகும் என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். அதே தால்மூத் பகுதி, வீட்டுக்கு ஒரு இரவுக்கு ஒரு விளக்கு என்பதுதான் அடிப்படைக் கடமை என்கிறது. தினம் ஒன்று கூட்டுவது மேலும் மேலும் சிறப்பாகச் செய்ய நினைப்பவர்களுக்கு. ஆக, மூன்றை முதலில் ஏற்றாமல் ஒன்றை ஏற்றிவிட்டால் விளக்கு செல்லாமல் போகாது. அணைத்துவிட்டு மறுபடி தொடங்காதீர்கள். நான்கு ஏற்ற வேண்டிய இரவில் மூன்றுதான் ஏற்றினோம் என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தால் நான்காவதைச் சேர்த்துவிடுங்கள், ஏற்றும் முன் சொல்லும் ஆசீர்வாதத்தைத் திரும்பச் சொல்ல வேண்டாம். ஒரு இரவு முழுவதுமே தவறிவிட்டால் அதை ஈடு கட்டுவதில்லை. மூன்றாம் இரவு வெளியூரில் இருந்துவிட்டு நான்காம் இரவு வந்தால், நேரே நான்கு.

வரிசையைவிட, குத்துவிளக்குப் பழக்கத்தில் நம் கை தானாகச் செய்யும் சில காரியங்களில்தான் கவனம் வேண்டும்.

முதலாவது, ஒரு சுடரிலிருந்து இன்னொன்றை ஏற்றுவது. கார்த்திகைக்கு ஒரு அகலை எடுத்து வரிசையாக மற்றதை ஏற்றிக்கொண்டே போவோம். இங்கே அது கிடையாது. எல்லாவற்றையும் ஷமாஷால்தான் ஏற்ற வேண்டும். நடுவில் ஒன்று அணைந்தால் பக்கத்துச் சுடரைச் சாய்த்துப் பற்றவைக்காதீர்கள், ஷமாஷை எடுங்கள். ஹனுக்கா சுடர்கள் பார்ப்பதற்கு மட்டும். அந்த வெளிச்சத்தில் படிக்கக் கூடாது, அதில் ஊதுவத்தி கொளுத்தக் கூடாது. ஷமாஷ் எரிந்துகொண்டே இருப்பதும் அதற்காகத்தான். தவறி அந்த வெளிச்சத்தில் எதையாவது செய்துவிட்டால், ஷமாஷின் வெளிச்சத்தைத்தான் பயன்படுத்தினோம் என்று கணக்கு.

இரண்டாவது, ஓர் இடத்தில் ஏற்றி இன்னோர் இடத்துக்கு எடுத்துப் போவது. பூஜை அறையில் ஏற்றி வாசலுக்குக் கொண்டுவரும் பழக்கம் நமக்கு உண்டு. ஹனுக்காவில் ஏற்றும் செயல்தான் கடமை. ஆகவே விளக்கு எங்கே எரிய வேண்டுமோ அங்கேயே ஏற்ற வேண்டும். சமையலறை மேடையில் ஏற்றி ஜன்னலுக்கு நகர்த்தினால் கடமை நிறைவேறியதாகக் கணக்கில்லை. வரிசை பிசகினால் பரவாயில்லை என்று சொன்ன அதே சட்டம் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. அதனால் முதல் நாளே இடத்தை முடிவு செய்துவிடுங்கள்.

எந்த இடம் என்றால், தெருவில் போகிறவர் கண்ணில் படும் இடம். நடந்த அற்புதத்தை ஊரறியச் சொல்வதுதான் நோக்கம். ஜெருசலேமின் பழைய குடியிருப்புகளில் வாசலுக்கு வெளியே, நிலைக்கு இடப்பக்கம், சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எரிவதைப் பார்க்கலாம். வலது நிலையில் மெசூசா என்ற தோல்சுருள் பேழை இருக்கும், எதிர்ப்பக்கம் விளக்கு. வீட்டுக்குள் போகிறவருக்கு இரண்டு பக்கமும் ஒரு கடமை என்ற கணக்கு. நியூ ஜெர்சியின் டிசம்பர் காற்றுக்கு அது சரிப்படாது. தெருப்பக்க ஜன்னலே போதும். திரைச்சீலையைக் கழற்றிவிடுங்கள். அந்த ஊர் வீடுகளில் ஜன்னலுக்கு நேர் கீழே ஹீட்டரின் காற்றுவாய் இருக்கும், அதை ஒரு மணி நேரத்துக்கு மூடி வையுங்கள். காற்றடிக்கும் இடத்தில் ஏற்றி அணைந்துபோனால் மறுபடி ஏற்றியாக வேண்டும். நல்ல இடத்தில், போதிய எண்ணெயோ மெழுகோ இருந்து ஏற்றி, தற்செயலாக அணைந்தால் கட்டாயமில்லை. ஆனாலும் ஆசீர்வாதம் சொல்லாமல் மறுபடி ஏற்றிவிடுவது வழக்கம்.

தினமும் நடக்கும் வரிசையைச் சொல்கிறேன். இருட்டியதும் (சில வீடுகளில் சூரியன் மறைந்தவுடனே) மெழுகுவர்த்திகளை வைத்துவிட்டு, ஷமாஷை ஏற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றது எதுவும் எரியும் முன்பே ஆசீர்வாதம். உங்கள் கணவர் சொல்லட்டும், நீங்களும் பிள்ளைகளும் ஒவ்வொன்றின் முடிவிலும் ஆமென் சொல்லுங்கள். முதலாவது இது:

பாரூக் அத்தா அதோனாய், எலோஹேனு மெலெக் ஹா-ஓலாம், அஷெர் கித்ஷானு பெமிட்ஸ்வோதாவ், வெட்ஸிவானு லெஹத்லிக் நேர் ஷெல் ஹனுக்கா.

கட்டளைகளால் எங்களைப் புனிதப்படுத்தி, ஹனுக்கா விளக்கை ஏற்றச் சொன்ன இறைவனைப் போற்றுவது இதன் பொருள். இரண்டாவது, அந்நாட்களில் இதே பருவத்தில் முன்னோருக்கு அற்புதங்கள் செய்தவரைப் போற்றுவது. அது ‘ஷெ-அஸா நிஸ்ஸீம்’ என்று வரும். இந்த இரண்டும் எட்டு இரவும் உண்டு. மூன்றாவதான ஷெஹெஹெயானு, இந்த நாள்வரை எங்களை வாழவைத்ததற்கான நன்றி. அது முதல் இரவுக்கு மட்டும். முதல் இரவை விட்டுவிட்டால் நீங்கள் ஏற்றும் முதல் நாளில் சொல்ல வேண்டும்.

ஆசீர்வாதம் முடிந்ததும் நடுவில் பேசாமல் அன்றைய புதுச் சுடரை ஏற்றி, மற்றதையும் ஏற்றி, ஷமாஷை அதன் இடத்தில் வைத்துவிட வேண்டும். இது அஷ்கெனாசி வழக்கம், அதாவது ஐரோப்பிய யூதர்களுடையது. உங்கள் கணவரின் பாட்டி போலந்து, ரஷ்யா பக்கம் என்றால் இதுதான் உங்களுக்கும். ஸ்பெயின் வழி வந்த செபார்டி குடும்பங்களில் வேறொரு மெழுகுவர்த்தியால் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு ஷமாஷைக் கடைசியில் ஏற்றுவார்கள். வீட்டுக்கு ஒரே விளக்கு என்பதும் அவர்கள் வழக்கம். அஷ்கெனாசி வீடுகளில் ஆளுக்கொரு விளக்கு ஏற்றலாம். பிள்ளைகளுக்குத் தனி விளக்கு இல்லை என்றால் கவலை வேண்டாம், புதுச் சுடரை அப்பா ஏற்றட்டும். அடிப்படைக் கடமை அந்த ஒன்றோடு முடிந்துவிடுகிறது, மீதியை ஷமாஷைப் பிடித்துப் பிள்ளைகள் ஏற்றலாம். ஷமாஷின் மெழுகு சின்ன விரல்களில் சொட்டும். ஓட்டை போட்ட அட்டை ஒன்றை அதில் மாட்டிவிடுங்கள்.

இப்போது உங்களுக்கென்று ஒரு சிக்கல். 2026இல் முதல் இரவு டிசம்பர் 4, அது வெள்ளிக்கிழமை. வெள்ளி சூரியன் மறைந்தால் சப்பாத் என்ற ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு தீ மூட்டுவதில்லை. ஆகவே ஹனுக்கா விளக்கைப் பகல் வெளிச்சத்திலேயே ஏற்றியாக வேண்டும். ஆனால் அது இருட்டிய பிறகும் அரை மணி நேரம் எரிய வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஊரில் அன்று சூரியன் மறைவது ஏறக்குறைய மாலை 4.30. சப்பாத் மெழுகுவர்த்தி ஏற்றுவது அதற்கு 18 நிமிடம் முன்னால், அதாவது 4.12 வாக்கில். ஹனுக்கா விளக்கு அதற்கும் முந்தி, 4.05க்கு என்று வையுங்கள். நன்றாக இருட்ட 5.15 ஆகும். அதன்மேல் அரை மணி சேர்த்தால் 5.45. ஆக 4.05லிருந்து 5.45 வரை, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் விளக்கு நிற்க வேண்டும். 44 போட்டு விற்கும் வண்ண மெழுகுவர்த்திகள் ஏறக்குறைய அரை மணிதான் எரியும். சூரியன் மறைந்ததும் மறையாததுமாக அணைந்துவிடும். ஏற்றும்போதே போதிய அளவு இல்லை என்றால் அது கணக்கில் வராது. முதன்முதலாக ஏற்றும் வீடு வெள்ளிக்கிழமையில் தடுக்கி விழுவது இங்கேதான்.

இதற்கு இரண்டு வழி. டீ லைட் என்று விற்கும் தகரக் கிண்ண மெழுகுகள் மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். பாட்டியின் விளக்குக் கிண்ணத்தில் அவை உட்காராவிட்டால், உலோகத் தட்டில் நேர்வரிசையாக வைத்து, ஷமாஷுக்கான டீ லைட்டை மட்டும் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் உயர்த்தி வையுங்கள். ஒன்பது கிளை விளக்கு அழகுதான், கட்டாயமில்லை. சுடர்கள் நேர்கோட்டில், ஒரே உயரத்தில், ஒன்றோடொன்று கலக்காத இடைவெளியில் இருந்தால் போதும்.

இன்னொரு வழி எண்ணெய். ஆலிவ் எண்ணெய்க்குத்தான் முதலிடம், ஏனென்றால் பண்டிகையின் கதையே அதுதான். பொ.ஆ.மு. 164இல் மக்கபியர் என்ற யூதப் போராளிகள் ஜெருசலேம் கோயிலை மீட்டபோது கிடைத்த ஒரு நாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்று தால்மூத் சொல்கிறது. ஆனால் எரியும் எண்ணெய் எதுவும் செல்லும். அபாயே என்ற அறிஞர் தம் ஆசிரியரைப் பற்றிச் சொன்ன குறிப்பும் அதே பகுதியில் உண்டு. அவர் முதலில் நல்லெண்ணெயைத்தான் தேடிப் போவாராம், அது அதிக நேரம் எரியும் என்று. பிறகுதான் சுடர் தெளிவாக இருக்கும் என்று ஆலிவுக்கு மாறினாராம். ஆகவே உங்கள் சமையலறையில் இருக்கும் நல்லெண்ணெயும் பஞ்சுத் திரியும் தாராளமாக ஆகும். சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் அளந்த எண்ணெயை ஊற்றி, ஒரு வாரம் முந்தியே ஏற்றிவைத்துக் கடிகாரம் பாருங்கள். திரியின் தடிமனைப் பொறுத்து நேரம் மிகவும் மாறும். மிஞ்சும் எண்ணெயைத் தாளிக்க எடுக்காமல் அடுத்த இரவு விளக்குக்கே ஊற்றிவிடுங்கள்.

அன்று வரிசை ஹனுக்கா முதலில், சப்பாத் மெழுகுவர்த்தி பிறகு. மாற்றி ஏற்றினால் ஓய்வுநாள் வந்துவிட்டதாகிவிடும், பிறகு ஹனுக்கா விளக்கில் தீயை வைக்க முடியாது. மறுநாள் சனிக்கிழமை, டிசம்பர் 5, இரண்டாம் இரவு. அன்று அவசரப்படாதீர்கள். சப்பாத் முடியும்வரை மெழுகுவர்த்தியை எடுத்து வைப்பதுகூட இல்லை. முடியும் நேரம் உங்கள் ஊர் நாட்காட்டியில் இருக்கும். சப்பாத்தை வழியனுப்பும் ஹவ்தலா சடங்கு செய்கிற வீடு என்றால், அது முதலா ஹனுக்கா முதலா என்பதில் இரண்டு வழக்கமும் உண்டு. எதைச் செய்தாலும் ஹவ்தலாவின் முறுக்கு மெழுகுவர்த்திக்குப் பதிலாக ஹனுக்கா சுடரை மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

ஞாயிறு முதல் வியாழன் வரை, மூன்றிலிருந்து ஏழாம் இரவு வரை, சாதாரண மெழுகுவர்த்தியே போதும். அடிப்பாகத்தை லேசாக உருக்கிக் கிண்ணத்தில் ஒட்டவையுங்கள். பாட்டியின் விளக்குக் கிண்ணங்கள் பெரிதாக இருந்தால் அலுமினியத் தாளைச் சுற்றி இறுக்குங்கள். ஏற்றிய பிறகு அரை மணி நேரம் அதை அணைக்காதீர்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, தெரிந்தால் மாஓஸ் ட்ஸூர் என்ற ஹனுக்காப் பாட்டைப் பாடுங்கள். வெளியே கிளம்ப வேண்டியிருந்தால் அந்த அரை மணிக்குப் பிறகு தாராளமாக அணைத்துவிட்டுப் போகலாம். வீட்டில் தீயை விட்டுவிட்டுப் போகச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை.

எட்டாம் இரவு டிசம்பர் 11, மறுபடியும் வெள்ளி. சூரியன் மறையும் நேரமும் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் இந்தத் தடவை ஒன்பது சுடர். ஆகவே கடையில் வாங்கும்போதே இரண்டு வெள்ளிக்கும் சேர்த்து 11 டீ லைட் எடுத்துக்கொள்ளுங்கள். 44 பெட்டியில் உங்களுக்கு 33தான் செலவாகும், மிச்சம் உடைகிறதுக்கு ஆகும். ஒன்பதும் நெருக்கமாக எரிந்தால் ஒன்றின் சூட்டில் இன்னொன்று இளகி மெழுகு மொத்தமும் திரவமாகிவிடும். சில சமயம் மெழுகின் மேற்பரப்பே தீப்பிடித்துச் சுடர்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். கிண்ணங்களுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். அடியில் எவர்சில்வர் தட்டும் அதற்கடியில் ஒரு ஓடும் வையுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், பெரிய மூடியால் மூடுங்கள். சப்பாத் என்றாலும் ஆபத்து என்றால் அணைக்கலாம்.